முளைக்காத விதையைத் தோண்டிப் பார்க்கும் பாடம்

ஆறாம், ஏழாம் வகுப்புகளில் விதை முளைத்தல் என்றால் ஒரு தம்ளர், கொஞ்சம் பஞ்சு, நாலு பச்சைப்பயறு. இரண்டாம் நாள் வெள்ளையாக வால் விடும். பிள்ளைகள் படம் வரைந்து, முளைவேர், முளைக்குருத்து, விதையிலை என்று பாகம் குறிப்பார்கள். விதை முளைக்க நீரும் காற்றும் ஏற்ற வெப்பமும் வேண்டும் என்று கீழே ஒரு வரி எழுதுவார்கள். பாடம் முடிந்துவிடும்.

அந்த வரியில் தவறில்லை. ஆனால் அது தம்ளரிலிருந்து கிடைத்த வரி இல்லை. ஈரப்பஞ்சில் நீர், காற்று, வெப்பம் மூன்றும் எப்போதும் இருக்கின்றன. ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளை ஒரு நாளும் பார்க்கவில்லை. எல்லா விதையும் முளைக்கிற இடத்தில் முளைப்பதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. பள்ளித் தோட்டத்தில் அப்படி இல்லை. அங்கே முப்பது விதை போட்டால் சில வராது. வராத விதைதான் பாடம். அதைத் தோண்டியெடுத்து என்ன ஆயிற்று என்று பார்க்கும் வகையில் மூன்று வாரத் திட்டம் ஒன்றை இங்கே விரித்து எழுதுகிறேன்.

தோட்டம் ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளி ஒன்றில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் சேலையூரைத் தாண்டினால் வரும் ஊர். 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் இப்போது இருக்கிறது. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று சுற்றிலும் ஏரி உள்ள பகுதி. ஏரியை ஒட்டிய நிலத்தில் களி கலந்த மண் கிடைக்கும். வீடுகளுக்காக மேடாக்கிய இடங்களில் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் கலந்த மண் கிடைக்கும். உங்கள் பள்ளியில் எது என்று ஒரு பிடி ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கயிறுபோல் நீண்டு, வளைத்தாலும் உடையாமல் நின்றால் களி மிகுதி. உருட்டவே வராமல் உதிர்ந்தால் மணல் மிகுதி. களியாக இருந்தால் மேல் அரை அடி மண்ணைக் கொத்தி, மக்கிய எருவும் கொஞ்சம் மணலும் கலந்துகொள்ளுங்கள். முழுவதும் மாற்றிவிட வேண்டாம். களிமண்ணின் குணம் சற்று மிச்சமிருந்தால்தான் பின்னால் பார்க்கப்போவது கண்ணுக்குத் தெரியும்.

காலத்தையும் பார்த்து வைக்க வேண்டும். பள்ளி திறக்கும் ஜூனில் வெறும் தரையின் மேல்மண் பகலில் கை வைக்க முடியாத அளவு சுடும். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் மேலே காய்ந்துவிடும். அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்தி நம் கையில் இருக்காது. இடைப்பட்ட ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும் நல்ல காலம். அவ்வப்போது மாலை மழை வரும். தண்ணீரை நாம் கட்டுப்படுத்தவும் முடியும். காலாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடலாம்.

விதைக்குக் காராமணியைச் சொல்வேன். மளிகைக் கடையில் தோலோடு முழுதாகக் கிடைக்கிறது, குழந்தையின் விரலுக்கு அடங்குகிறது, தோட்டத்தில் நாலைந்து நாளில் தலைகாட்டுகிறது. அதன் இரண்டு விதையிலைகளும் மண்ணுக்கு மேலே வருவதால் விதைக்குள் இருந்த உணவு நாளுக்கு நாள் சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். துவரையிலும் கொண்டைக்கடலையிலும் விதையிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அவற்றை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விதைக் கடையில் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயம் ஏறிய விதை இருந்தால் அது பூஞ்சைக்கொல்லி தடவியது. பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கக் கூடாது.

முதல் பாடவேளை தோட்டத்தில் இல்லை, வகுப்பில்தான். நாலு பேர் ஒரு குழு. விதையைக் கொட்டிப் பொறுக்கச் சொல்லுங்கள். வண்டு துளைத்தது, சுருங்கியது, உடைந்தது ஆகியவற்றைத் தனியே வைக்கட்டும். பிறகு எல்லோரும் தங்கள் ஊகத்தை எழுதி வைக்க வேண்டும்: முளைக்க வெயில் வேண்டுமா? மண் வேண்டுமா? ஆழமாகப் போட்டால் நல்லதா, மேலாகப் போட்டால் நல்லதா? பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வெயில் வேண்டும் என்றுதான் எழுதுவார்கள். வளர்வதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதை முளைப்பதற்கும் சேர்த்து நினைக்கிறார்கள். அப்போது திருத்த வேண்டாம். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பிள்ளைகள் இப்படித்தான் நால்வராக உட்கார்ந்து சோதனை செய்தார்கள். அவர்களுடைய புத்தகத்தில் கேள்வி இருந்தது, விடை அச்சாகியிருக்கவில்லை. விடை முன்பே தெரிந்துவிட்டால் பாத்தியை யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை என்பது எந்த ஆசிரியருக்கும் தெரிந்ததே.

அதே வேளையில் துணிச் சுருள் ஒன்றைத் தயார் செய்ய வேண்டும். பழைய பருத்தித் துணியை நனைத்து, நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, அதில் நல்ல விதை பத்தை வரிசையாக வைத்துச் சுருட்டி, ஒரு டப்பாவில் நிறுத்தி வையுங்கள். இப்படி மூன்று சுருள், முப்பது விதை. தினமும் ஈரம் பார்த்து, ஐந்தாம் நாள் பிரித்து எண்ண வேண்டும். பஞ்சுத் தம்ளர் செய்த வேலைதான் இது, ஆனால் நோக்கம் வேறு. இந்தப் பையில் உள்ள விதையில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று இது சொல்கிறது. சான்று விதைக்குக்கூட நூற்றுக்கு நூறு யாரும் கேட்பதில்லை. இந்தியச் சான்றுத் தரப்படி பச்சைப்பயறுக்கு 75 விழுக்காடு, நெல்லுக்கு 80, வெண்டைக்கு 65 முளைப்பு இருந்தால் போதும். சுருளில் முப்பதுக்கு இருபத்தெட்டு முளைத்தது என்று தெரிந்தால், தோட்டத்தில் அதற்குக் கீழே குறைவது விதையின் குற்றம் அல்ல, மண்ணில் நேர்ந்த ஏதோ ஒன்று. இந்த ஒப்பீடு இல்லாமல் தோட்டத்தில் எண்ணுவதில் பொருளில்லை. பொறுக்கிப் போட்ட துளை விதையையும் ஒரு சுருளில் வைத்துப் பாருங்கள். துளை விழுந்த விதைகளிலும் சில முளைக்கும். வண்டு எதைத் தின்றது, கருவையா விதையிலையையா என்று பிரித்துப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்குத் தானாக வரும்.

இரண்டாம் பாடவேளை பாத்தியில். அகலம் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் நாலு வரிசை. முதல் வரிசையில் 2 செ.மீ. ஆழம், இரண்டாவதில் 5 செ.மீ., மூன்றாவதில் 10 செ.மீ. நாலாவது வரிசையில் அதேபோல் குழி போட்டு மூட வேண்டும், விதை போடக் கூடாது. ஒரு குச்சியில் மூன்று இடத்தில் நூல் கட்டிக்கொண்டால் ஆழம் மாறாது. விதைக்கு விதை ஒரு சாண் வேண்டாம், 10 செ.மீ. போதும், வரிசைக்குப் பத்து விதை. எல்லா வரிசையையும் ஒரே மாதிரி, அழுத்தாமல் மூட வேண்டும். தினமும் காலையில் பூவாளியால் வரிசைக்கு ஒரு லிட்டர் அளவில் தண்ணீர், நாலாவது வரிசைக்கும் சேர்த்து. ஆழம் ஒன்றைத் தவிர வேறெதுவும் வரிசைக்கு வரிசை மாறக் கூடாது என்பதுதான் இதன் உயிர். யாராவது தன் வரிசைக்கு அன்பு மிகுதியில் கூடுதலாக ஒரு சொம்பு ஊற்றினால் சோதனை கெட்டுவிடும் என்பதைப் பிள்ளைகளுக்கே சொல்லி, காவலும் அவர்களையே இருக்கச் சொல்லலாம்.

அன்றைக்கே ஒவ்வொரு குழுவும் தாளில் பாத்தியின் வரைபடம் போட வேண்டும்: நாலு கோடு, கோட்டுக்குப் பத்து வட்டம், வட்டத்துக்கு எண். பத்து நாள் கழித்து மூன்றாம் வரிசை ஏழாம் விதையைத் தேட வேண்டியிருக்கும். வரைபடம் இல்லாவிட்டால் மண்ணில் அந்த விதை கிடைக்கவே கிடைக்காது.

மூன்றாம் நாளிலிருந்து காலை இறைவணக்கத்துக்கு முன் ஐந்து நிமிடம் பாத்தியைப் பார்த்தால் போதும். முளை வந்த வட்டத்துக்குள் அன்றைய நாளின் எண்ணை எழுத வேண்டும். காராமணி நுனியை முன்னே நீட்டிக்கொண்டு வருவதில்லை; விதையிலைக்குக் கீழுள்ள தண்டு கொக்கிபோல் வளைந்து, முதுகால் மண்ணைத் தள்ளி, விதையிலைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. மேலே வந்து வெளிச்சம் பட்ட பிறகே நிமிரும். நுனிக்குருத்து மண்ணில் உரசிக் கெடாமலிருக்க இந்த வளைவு உதவுகிறது. இதைப் பார்த்து வரைய ஒரு முழுப் பாடவேளை கொடுத்தாலும் தகும். பாகம் குறிக்கும் படத்துக்கு இனிப் பாடநூலைப் பார்க்க வேண்டியதில்லை.

பத்தாம் நாள் எண்ணிக்கை. மூன்று குழுவின் கணக்கைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு வகுப்பில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: 2 செ.மீ.யில் முப்பதுக்கு 23, 5 செ.மீ.யில் 27, 10 செ.மீ.யில் 8. சுருளில் முளைத்தது 28. அதாவது 5 செ.மீ. வரிசையில் ஏறக்குறைய உயிருள்ள விதை எல்லாம் வந்துவிட்டது. மேலாகப் போட்ட வரிசை சற்றுக் குறைந்திருக்கிறது, ஆழமாகப் போட்டது படுத்துவிட்டது. இதில் நின்றுவிட்டால் "5 செ.மீ. ஆழம் நல்லது" என்ற இன்னொரு மனப்பாட வரிதான் மிஞ்சும். ஏன் என்பது மண்ணுக்குள் இருக்கிறது. வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கரண்டியால் பக்கவாட்டில் மண்ணைச் சரித்து, வராத ஒவ்வொரு விதையையும் தேட வேண்டும். மேலிருந்து குத்தினால் முளை அறுந்துவிடும்.

கிடைப்பது நாலு வகையில் ஒன்றாக இருக்கும். முதல் வகை, போட்டபடியே கல்லாக இருக்கும் விதை. நீர் உள்ளே போகவில்லை. 2 செ.மீ. வரிசையில் கிடைத்தால் மேல்மண் காய்ந்து போயிருக்கலாம். ஈரமான ஆழத்தில் கிடைத்தால் விதையுறையே நீரை விடவில்லை என்று பொருள். பயறு வகைகளில் இப்படிச் சில உண்டு. அந்த விதையைச் சொரசொரப்பான காகிதத்தில் ஓரமாக உரசி ஈரத்துணியில் வைத்தால், ஊறி முளைப்பதைப் பார்க்கலாம். உயிர் இருந்தது, கதவு மட்டும் மூடியிருந்தது என்று அப்போது தெரியும்.

இரண்டாம் வகை, ஊதிப்போய், தொட்டால் நசுங்கி நாறுவது. நீர் போதுமான அளவுக்கு மேலேயே கிடைத்திருக்கிறது. காற்று கிடைக்கவில்லை, அல்லது விதை முன்பே செத்திருந்தது. சுருள் கணக்கை வைத்து இரண்டில் எது என்று பேசலாம். முப்பதில் இரண்டுதான் செத்த விதை என்றால், ஏழு அழுகியிருக்கும்போது மண்ணைத்தான் கேட்க வேண்டும். மூன்றாம் வகை, காணாமல் போன விதை. எறும்போ மைனாவோ எலியோ. 2 செ.மீ. வரிசையில் இது மிகுதியாக இருக்கும். வெறும் தோல் கிடக்கிறதா, மண் கிளறியிருக்கிறதா என்று தடயம் பார்க்கலாம்.

நாலாம் வகைதான் பிள்ளைகள் எதிர்பாராதது. விதை முளைத்திருக்கும், வெளியே வந்திருக்காது. 10 செ.மீ. வரிசையில் வெள்ளையான நீண்ட தண்டு மண்ணுக்குள் மேலே ஏறி, ஒரு கட்டியில் முட்டி வளைந்து, அங்கேயே நின்றிருக்கும். விதையிலைகள் சப்பையாகச் சுருங்கியிருக்கும். ஒரு காராமணி விதையின் எடை சுமார் 0.1 கிராம்தான். இலை வெளிச்சத்தைக் காணும்வரை வேரையும் தண்டையும் கட்ட அந்த இருப்பைத் தவிர வேறு உணவு இல்லை. பாதை நீளமானாலோ மேல்மண் காய்ந்து ஓடுகட்டினாலோ இருப்பு முன்பே தீர்ந்துவிடுகிறது. வெயில் இல்லாமல் முளைக்காது என்று எழுதிய பிள்ளையின் கையில் இந்த விதையைக் கொடுங்கள். இருட்டிலேயே முளைத்திருக்கிறது; இருட்டிலிருந்து வெளியேற முடியாமல்தான் செத்திருக்கிறது. முளைக்க வெளிச்சம் வேண்டியதில்லை, பிழைக்க வேண்டும் என்பதை ஒரே விதையில் காட்டிவிடலாம். முதல் நாள் ஊகத் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரமும் இதுதான்.

அழுகிய விதைக்குத் திரும்புவோம், ஏனென்றால் காற்று என்ற சொல்தான் பிள்ளைகளுக்கு மிகவும் வெறுமையாக இருக்கிறது. ஊறிய விதை மூச்சுவிடுகிறது. சேமித்த மாவுப் பொருளை உடைத்து ஆற்றலாக்க அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களின் இடுக்கில் காற்று இருக்கும்வரை அது கிடைக்கிறது. இடுக்கு முழுவதும் நீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் நீரின் ஊடே நகர்ந்துதான் வர வேண்டும். காற்றில் நகர்வதைவிட நீரில் அது பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவான பகுதி இது. மழை விட்ட பிறகும் தோட்டத்தில் தண்ணீர் நிற்பதை இங்குள்ள பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள்.

இதை வகுப்பில் காட்ட இரண்டு கண்ணாடித் தம்ளர் போதும். ஒன்றில் பத்துக் காராமணியை ஈரத்துணியில் வையுங்கள். மற்றதில் பத்தைப் போட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். மூழ்கிய விதைகளும் ஊதும், சில தோல் கிழிந்து வேரின் முனையைக்கூட நீட்டும். பிறகு நின்றுவிடும். மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கி வாடை வரும். ஊறுவது வேறு, முளைப்பது வேறு என்பது இங்கே தெளிவாகும்: செத்த விதைகூட ஊறும்.

மூன்றாவதாக ஒரு தம்ளரில் அதேபோல் நெல்லை மூழ்கவிட்டால் பாடம் இன்னும் சுவையாகும். நெல் நீருக்குள்ளேயே முளைக்கும். வேரை நிறுத்தி வைத்துவிட்டு, குருத்தை மூடிய உறையை முதலில் மேல்நோக்கி நீட்டுகிறது. அது நீர்மட்டத்தைத் தாண்டியதும் காற்றை உள்ளே இறக்கிக்கொள்கிறது, அதன் பிறகே வேர் நன்றாக ஓடுகிறது. ஈரத்துணியில் முளைத்த நெல்லையும் நீருக்குள் முளைத்த நெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் வேர் நீளம், மற்றதில் உறை நீளம். ஏரிப் பாசன ஊர்களில் ஏன் நெல் போட்டார்கள் என்பதற்கு ஒரு காரணத்தைப் பிள்ளைகள் தம்ளரில் பார்க்கிறார்கள். நெல்லாகவே வாங்க வேண்டும். தீட்டிய பச்சரிசியில் கரு போய்விட்டிருக்கும், புழுங்கலரிசியில் அது வெந்திருக்கும்.

விதை போடாத நாலாவது வரிசை என்ன ஆயிற்று? அங்கேயும் பச்சை இருக்கும். மழையும் தண்ணீரும் பட்டால் குப்பைக்கீரை, சாரணை, கோரை எல்லாம் வரும். முதல் பயன், பக்கத்து வரிசையில் காராமணியைத் தவிர வந்ததையெல்லாம் நம் கணக்கில் சேர்க்காமல் இருக்க இது உதவுகிறது. அடுத்து, யாரும் போடாத விதை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. ஒவ்வொன்றையும் வேரோடு பிடுங்கிப் பாருங்கள். குப்பைக்கீரையின் நாற்றில் இரண்டு சின்ன விதையிலைகள் இருக்கும், விதையிலிருந்து வந்தது. கோரையைத் தோண்டினால் அடியில் கிழங்கு. அது விதையிலிருந்து வரவே இல்லை. மற்றவை மண்ணில் முன்பே உறங்கிக் கிடந்தவை. நாம் கொத்தியபோது மேலே வந்து, வெளிச்சம் பட்டு விழித்தவையும் அவற்றில் உண்டு. முளைக்க வெளிச்சம் வேண்டியதில்லை என்று சற்று முன் சொன்னதற்கு இங்கே ஒரு திருத்தம் வருகிறது: பெரிய பயறுக்கு வேண்டியதில்லை, ஆனால் மிகச் சிறிய விதைகள் பலவற்றுக்கு வெளிச்சமே அடையாளம். ஒரு கிராமுக்கு ஆயிரத்துக்கும் மேல் நிற்கும் கீரை விதையிடம் ஆழத்திலிருந்து ஏறி வருவதற்கான உணவு இல்லை. அதனால்தான் கீரை விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவுகிறோம்.

மண்ணில் எவ்வளவு காலம் உறங்கும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு வில்லியம் பீலைப் பற்றிச் சொல்லலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துத் தாவரவியலாளரான அவர் 1879இல் இருபது புட்டிகளில் மணலோடு களை விதைகளைக் கலந்து மண்ணில் புதைத்தார். குறித்த ஆண்டுகளில் ஒவ்வொரு புட்டியாகத் தோண்டி விதைத்துப் பார்க்கிறார்கள். 2021இல் எடுத்ததில் 142 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு வகைக் களை முளைத்தது. வெளிச்சம் பட்டு விதைகள் விழித்துவிடக் கூடாது என்பதற்காக இரவில்தான் தோண்டுகிறார்கள். அடுத்த புட்டிக்கு 2040, கடைசிப் புட்டிக்கு 2100 என்று நாள் குறித்திருக்கிறது.

மூன்றாம் வாரம் மதிப்பீடு. மூன்று நிபந்தனைகளை எழுதுக என்று கேட்க வேண்டாம். ஒரு வழக்கைக் கொடுங்கள்: "பக்கத்து வீட்டில் முப்பது வெண்டை விதை போட்டார்கள். பத்து நாளில் ஒன்பதுதான் வந்தது. நீங்கள் போய்ப் பார்க்கிறீர்கள். முதலில் எதைக் கேட்பீர்கள், எதைத் தோண்டுவீர்கள்?" விதைப் பையில் மிச்சம் இருக்கிறதா, துணிச் சுருளில் வைத்துப் பார்க்கலாமா என்று தொடங்கும் பிள்ளைக்கு ஒப்பீடு புரிந்திருக்கிறது. ஆழத்தைக் கேட்பவர், தண்ணீர் நின்றதா என்று கேட்பவர், எறும்புப் புற்றைத் தேடுபவர் ஒவ்வொருவரும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். அடுத்து, அது உண்மையானால் மண்ணுக்குள் என்ன கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள். நேராக "இன்னும் தண்ணீர் ஊற்றச் சொல்வேன்" என்று எழுதுபவரை மீண்டும் பாத்திக்குக் கூட்டிப்போய், அழுகிய விதை கிடந்த குழியருகே உட்கார வைத்துப் பேச வேண்டும்.

காராமணியைப் பிடுங்கி எறிய வேண்டாம். தோண்டாத செடிகள் சுமார் ஐம்பது நாளில் பூத்துக் காய் விடத் தொடங்கும். முற்றிய காயைக் காய வைத்து உரித்தால் அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு விதை கிடைக்கும். பையின் மேல் அறுவடை மாதத்தை எழுதி, இந்த ஆண்டு சுருளில் முளைத்த கணக்கையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். நம் கையில் விளைந்த விதை கடை விதையைவிட நன்றாக முளைக்கிறதா என்று அவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.